பெரிய சில்லின் பல்

ஓர்ஸ் ஹில் சரிவு வந்து கடலில் கால் வைக்கும் இடத்தில் எங்கள் படகுத்துறை இருந்தது. உள்துறைமுகத்துத் தண்ணீர் அங்கே அலையடிப்பதில்லை. மூச்சு விடும், அவ்வளவுதான். காலையில் ஒரு நிறம், பத்து மணிக்கு இன்னொரு நிறம், மழை வருமுன் எதோடும் சேராத ஒரு சாம்பல். நான் வரைபலகைக்கு முன்னால் உயரமான கதிரையில் இருந்துகொண்டு பாதி நாள் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்திருப்பேன். மிச்சப் பாதியில் பற்களைக் கணக்குப் பார்த்தேன். மனிதரின் பல் அல்ல, சில்லு என்று நாங்கள் சொல்லும் இரும்புச் சக்கரங்களின் பல்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம். உடைந்தது எதுவோ அதை நாங்களே செய்துகொள்ள வேண்டும். அங்குலத்திலிருந்து மில்லிமீற்றருக்கு நாடு மாறிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பையில் இரண்டு அடிமட்டம் இருக்கும், தலைக்குள்ளும் இரண்டு. எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கந்தோரில் நான் படவரைஞன். எஞ்சினியர் என்று யாரும் அங்கே நிரந்தரமாக இல்லாததால், ஒரு பாகம் தாங்குமா தாங்காதா என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்திடுவதும் என் வேலையாகிப்போனது.

அந்தக் கையெழுத்துக்கு எங்கள் துறையில் ஒரு மரியாதை இருந்தது. படகுகளைச் சரிவில் மேலே இழுக்கும் வின்ச்சில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், அதன் கணக்குத் தாளைக் கோதுமை மாப் பசையால் வின்ச்சின் மூடியில் ஒட்டவேண்டும். தாள் ஒட்டப்படும்வரை வின்ச் ஓட்டுபவர் கைபிடியைத் தொடமாட்டார். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஓட்டுபவருக்குக் கணக்குப் புரியவேண்டும் என்றும் இல்லை. கடைசி வரியையும் கையெழுத்தையும் பார்ப்பார். தாளைக் கிழித்தால் இழுவை நின்றுவிடும்.

வின்ச்சை ஓட்டியவர்தான் யந்திரங்களைப் பூட்டிக் கழற்றும் எங்கள் பிற்றரும். என் வயதுக்காரர், கடற்கரை வேதக் கோயிலடியில் வீடு, ஞாயிறு பூசையில் பாடுகிற குரல். வேலை நேரத்தில் அந்தக் குரலை என்னைச் சீண்டுவதற்குத்தான் பயன்படுத்துவார். "வாத்தியார்" என்று என்னைக் கூப்பிடுவார். நான் யாருக்கும் படிப்பித்ததில்லை. காதில் பென்சில் செருகியிருப்பேன், அது போதுமாம்.

அந்த வருடம் ஐப்பசியில் மூதூர்க் காக்கா (முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தன் லோஞ்சைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நங்கூரம் போட்டார். மூதூருக்கும் பட்டினத்துக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் மரலோஞ்ச் அது. காய்கறிக் கூடை, கோழி, ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி, அரசாங்கக் கச்சேரிக்குப் போகும் கிராமசேவகர் என்று குடாவை நாளுக்கு இரண்டு தடவை கடக்கும். அடிமரத்தில் கடற்புழு விழுந்திருந்தது. காலையில் இறைத்த தண்ணீர் மாலையில் திரும்ப நின்றது. வாடைக் காற்று தொடங்கினால் குடா அந்த லோஞ்சை மன்னிக்காது. வாடைக்கு முதல் லோஞ்ச் தரையேறவேண்டும், அழுகிய பலகை மாறவேண்டும், பரிசோதகர் வந்து அடியைப் பார்த்துச் சரி சொல்லவேண்டும். இல்லாவிட்டால் தை மாதம் வரைக்கும் ஓட ஏலாது. காக்காவிடம் இருந்தது அந்த ஒரே லோஞ்ச்.

அவர் தினமும் வந்து கவிழ்த்து வைத்த தோணி ஒன்றின் மேல் குந்தியிருப்பார். வெற்றிலை மெல்லுவார். வானத்தைப் பார்ப்பார், வின்ச்சைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"தம்பி, வின்ச்சுக்கு என்ன நோவு?"

"சின்னச் சில்லின்ர பல்லுத் தேஞ்சுபோச்சுக் காக்கா. புதுசு வெட்டக் குடுத்திருக்கிறம்."

"பல்லுத் தேஞ்சா நாங்க கஞ்சி குடிப்பம். அது என்னத்தக் குடிக்கும்?"

"கிறீஸ்" என்றார் பிற்றர், வின்ச்சுக்கு அடியிலிருந்து.

எங்கள் வின்ச்சில் இரண்டு சில்லுகள் கடைசிக் கட்டத்தில் ஒன்றையொன்று கடித்தபடி இருக்கும். மோட்டரின் பக்கத்துச் சின்னச் சில்லுக்குப் பதினெட்டுப் பல். கம்பி சுற்றும் உருளையின் அச்சில் இருக்கும் பெரிய சில்லுக்கு எழுபத்திரண்டு. சின்னது நாலு சுற்றுச் சுற்றினால் பெரியது ஒன்று. வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்கும் பேரம் அது.

புதுச் சின்னச் சில்லை வெட்டக் கொடுப்பதற்கு முதல் அதன் மொடியூல் தெரியவேண்டும். தேய்ந்த சில்லைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு பல்நுனியிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பல்நுனிக்கு அளந்தேன். நூற்று அறுபது மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. தேய்மானத்துக்கு அது சரி. எட்டிப் பார்த்த பிற்றர் கேட்டார்.

"இந்த மொடியூல் எண்டது என்ன வாத்தியார்? பல்லின்ர உயரமோ?"

"இல்லை. சில்லின்ர விட்டத்தில ஒரு பல்லுக்கு வாற பங்கு. பல்லுக் கடிக்கிற இடத்தில ஒரு வட்டம் போட்டால் அதுக்கு நூற்று நாப்பத்து நாலு மில்லிமீற்றர். பதினெட்டுப் பல்லு. பிரிச்சுப் பாருங்கோ."

அவர் விரலை மடக்கிப் பிரித்தார். "எட்டு."

"பெரியதுக்கும் எட்டு வரவேணும். ஐந்நூற்று எழுபத்தாறை எழுபத்திரண்டால பிரிச்சாலும் எட்டுத்தான். ரண்டுக்கும் ஒரே பங்கு இல்லாட்டில் ஒண்டையொண்டு கடிக்காது, அரைச்சுத் தின்னும்."

"அப்ப நுனிக்கு நுனி நூற்று அறுபது எப்பிடி வந்தது?"

"ரண்டு பக்கமும் ஒவ்வொரு பங்கு வெளியால நிக்கும். பதினெட்டும் ரண்டும் இருபது. இருபதெட்டு நூற்று அறுபது."

"உந்தக் கணக்கு எனக்கு விளங்குது. அதுதான் பயமாக் கிடக்கு" என்றார்.

துறைமுகத்துப் பழைய இரும்புக் குவியலில் கப்பல் புரொப்பெல்லர் அச்சின் துண்டு ஒன்று கிடந்தது. நல்ல உருக்கு. அதிலிருந்துதான் புதுச் சில்லை வெட்டுவித்தோம். வெட்டி வந்த நாள் அது மேசையில் மீனின் செதிள் போல வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் தாளை எடுத்தேன்.

லூயிஸ் சூத்திரம் என்று ஒன்று. படிக்கிற காலத்தில் அதை மனப்பாடம் செய்தேன். இந்தத் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் அதைக் கண்ணால் கண்டேன். சில்லின் பல்லை, மரத்திலிருந்து வெளியே நீட்டிய கொப்பாக நினைக்கச் சொல்கிறது அது. முழுப் பாரமும் கொப்பின் நுனியில் ஒரு ஆள் போலத் தொங்குகிறது. கொப்பு எங்கே முறியும்? நுனியில் அல்ல, அடியில், மரத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தில். அந்த அடி எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்குப் பல் தாங்கும். ஆகவே நாலு விடயங்களைப் பெருக்கவேண்டும்: உலோகம் பாதுகாப்பாகத் தாங்கும் தகைப்பு, பல்லின் அகலம், மொடியூல், பல்லின் வடிவத்துக்கு என்று அட்டவணையில் இருக்கும் ஒரு எண். பல் குறைந்த சில்லில் அந்தப் பல்லின் அடி ஒடுங்கியிருக்கும்; வடிவ எண் சிறிது. பல் கூடிய சில்லில் அடி அகன்றிருக்கும்; எண் பெரிது. பதினெட்டுப் பல்லுக்குக் கிட்டத்தட்டப் பூச்சியம் தசம் மூன்று இரண்டு. எழுபத்திரண்டுக்குப் பூச்சியம் தசம் நாலு நாலு.

ஆகையால் சின்னச் சில்லுத்தான் பலவீனமானது, அதைப் பார்த்தால் போதும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படித்தான் நானும் செய்தேன்.

தொட்டில் என்று நாங்கள் சொல்லும் சில்லுவண்டியோடு சேர்த்து லோஞ்சைச் சரிவில் இழுக்கக் கம்பியில் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ வரும். உருளை பெரிய சில்லைவிடச் சிறியது, அதனால் பல்லுக்கு வருவது ஆயிரத்து எழுநூற்று நாற்பது. உருக்குக்குச் சதுர மில்லிமீற்றருக்குப் பதினாலு கிலோ. பல்லின் அகலம் எண்பது, மொடியூல் எட்டு. ஓடும்போது பற்கள் தட்டுப்படும் என்பதால் வேகத்துக்குக் கொஞ்சம் கழிக்கவேண்டும். எங்கள் வின்ச் ஆமை, பத்தில் ஒரு பங்கும் கழியவில்லை. வந்தது இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. தேவைக்கு மேலே நிறைய. பெரிய சில்லையும் ஒரு கண் பார்த்தேன்: பழைய படத்தில் வார்ப்புருக்கு என்று எழுதியிருந்தது. உருக்கும் உருக்கும் என்றால் பெரியதன் பல் இன்னும் தாங்கும். எழுதவேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டேன், பசை தடவி ஒட்டினேன், திங்கட்கிழமை.

வியாழன் காலை இழுவை என்று முடிவானது. காக்கா லோஞ்சிலிருந்து கதிரை, நங்கூரச் சங்கிலி, எண்ணெய்த் தகரம் எல்லாவற்றையும் இறக்கினார். தச்சுக்காரர்கள் இரண்டு பேரைக் கிண்ணியாவிலிருந்து வரவழைத்துவிட்டார். புதுப் பலகை கரையில் அடுக்கியிருந்தது. அதன் வாசம் கந்தோர் யன்னல்வரை வந்தது.

புதன்கிழமை மத்தியானம் பிற்றர் என் மேசைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார். புதுச் சில்லைப் பூட்டி, அதன் பற்களில் துணிக்குப் போடும் நீலத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, மெல்லச் சுற்றிப் பார்த்திருந்தார். நீலம் பெரிய சில்லின் பல்லில் அகலம் முழுக்கப் பட்டிருக்கவேண்டும். ஓரத்தில் மட்டும் பட்டால் அந்த ஓரமே பாரத்தைச் சுமக்கும், கணக்கில் போட்ட எண்பதும் பொய்யாகிவிடும். நல்லாகப் பட்டிருந்தது. இரண்டு மூன்று பல்லில் மட்டும் சின்ன முருடு இருந்ததாம், அரத்தால் தேய்த்துவிட்டாராம். சொல்லிக்கொண்டே குவளையை எடுத்தார்.

வெள்ளைப் பீங்கான் குவளை. அவர் விரல்கள் பட்ட இடமெல்லாம் கறுப்பு. எண்ணெய்க் கறுப்பு அல்ல, கிறீஸும் அல்ல. காய்ந்த, மினுங்குகிற, பட்டுப்போன்ற கறுப்பு.

"என்ன கையில? பென்சிலை அரைச்சனீங்களோ?"

"சில்லை அராவினது."

"உருக்கை அராவினால் சுருள் சுருளாயெல்லோ வரும். இது மா மாதிரிக் கிடக்கு."

"உருக்கோ? பெரிய சில்லோ?" அவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "அது வார்ப்பிரும்பு."

நான் குவளையைப் பார்த்தபடி இருந்தேன். வார்ப்பிரும்புக்குள் கரி இருக்கும், பென்சிலின் கரிதான். அராவினால் மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாளாக ஒரு படத்தைத்தான் நம்பியிருந்தேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் மாற்றலாகி வர முதல் பழசு வெடிச்சது. உருக்கு வார்க்க வசதியில்லை எண்டு இரும்பில வார்த்தது. நான்தான் பச்சைப் பெயின்ற் அடிச்சனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. தாளில ரண்டு சில்லும் இருக்கும் எண்டு நான் நினைச்சன். சின்னதை மட்டும் பாத்தனீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் சொன்னதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

சுத்தியலை எடுத்துக்கொண்டு வின்ச் கொட்டகைக்குப் போனோம். புதுச் சில்லை மெல்லத் தட்டினார். மணி போல நீண்டு ஒலித்தது. பெரியதைத் தட்டினார். மண்பானையைத் தட்டியதுபோல ஒரு ஒலி, உடனே செத்துவிட்டது. பச்சைப் பெயின்ற்றுக்குள் எத்தனையோ நாளாக அது அந்தக் குரலோடு இருந்திருக்கிறது. ஒருவரும் கேட்கவில்லை.

கொட்டகை வாசற்படியில் குந்தியிருந்து திரும்பக் கணக்குப் போட்டேன். இரண்டு சில்லும் ஒரே உலோகம் என்றால்தான் சின்னது பலவீனம். உலோகம் வேறு என்றால் தகைப்பையும் வடிவ எண்ணையும் பெருக்கி, எது சிறிதோ அதைத்தான் பார்க்கவேண்டும். சின்னதுக்குப் பதினாலும் தசம் மூன்று இரண்டும்: நாலரை. பெரியதுக்கு, வார்ப்பிரும்பு, ஐந்து தசம் ஆறும் தசம் நாலு நாலும்: இரண்டரை. பல்லின் அடி அகன்றிருந்து என்ன, முருங்கைக் கொப்பும் தடித்துத்தான் இருக்கும். பெரிய சில்லின் பல் தாங்குவது ஆயிரத்து நானூற்று ஐம்பது. வரப்போவது ஆயிரத்து எழுநூற்று நாற்பது.

"இதுவரைக்கும் இழுத்ததுதானே" என்றார் பிற்றர்.

"மீன்பிடிப் படகுகள். ஒண்டும் இதில பாதிகூட இல்லை."

"அப்ப உடையுமோ?"

"உடையும் எண்டு சொல்ல ஏலாது. கணக்கில கொஞ்சம் காப்பு விட்டுத்தான் எண் போடுறது. ஆனால் உடையாது எண்டு நான் எழுதிக் கையெழுத்து வைக்க ஏலாது."

அந்த வின்ச்சில் பிறேக் மோட்டர்ப் பக்கத்தில். பெரிய சில்லின் பல் போனால் பிறேக் எதையும் பிடிக்காது. உருளை சும்மா சுழலும், தொட்டில் லோஞ்சோடு சரிவில் திரும்பிக் கடலுக்கு ஓடும். உளுத்த அடிமரத்தோடு அது கடலில் விழுந்தால் அதற்குப் பிறகு மாற்றப் பலகை தேவைப்படாது. சில்லுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று ஓட்டுபவர் பிற்றர்.

நான் தாளின் மூலையில் நகத்தைக் கொடுத்தேன். கோதுமை மாப் பசை நன்றாகக் காய்ந்திருந்தது. தாள் முழுசாக வரவில்லை, கீலம் கீலமாக வந்தது. தோணிமேல் இருந்த காக்கா எழும்பி வந்தார். அவருக்கும் அந்த வழக்கம் தெரியும்.

"தம்பி, என்னத்துக்குக் கிழிக்கிறீங்க?"

"பிழை விட்டிட்டன் காக்கா."

"நாளைக்கு இழுவை இல்லியா?"

"இல்லை."

அவர் லோஞ்சைத் திரும்பிப் பார்த்தார். ஒரு ஆள் அதில் குந்தியிருந்து தகரத்தால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். வடகிழக்கில் வானம் காலையிலிருந்து ஒரு கறுத்த விளிம்பு கட்டியிருந்தது.

"உங்கட தாள நம்பித்தான் சாமானெல்லாம் இறக்கினன். தச்சனக் கூட்டி வந்து வெச்சிருக்கன்."

"ஓம்."

"ஓம் எண்டா?"

நான் மிச்சக் கீலத்தைச் சுரண்டினேன். அந்த நேரத்தில் துறைக்குப் பொறுப்பான, நாங்கள் சேர் என்று கூப்பிடும் மேலதிகாரி வெளியே வந்தார். நல்ல மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவர். நான் சொன்னதைக் கேட்டார்.

"ஓம், அது வார்ப்பிரும்புதான். படத்தைத் திருத்தவேணும் எண்டு அப்பவே நினைச்சனான்" என்றார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "நான் திருத்தியிருக்கவேணும். சரி. என்ன செய்யிறது இனி?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிழை விட்டவனிடமே வழியையும் கேட்பது துறைமுகத்து நியாயம்.

"எஞ்சினைக் கழட்டினால் பாரம் குறையும்" என்றேன்.

"கழட்ட நாலு நாள்" என்றார் பிற்றர். "கழட்டிப் போட்டு எதால தூக்குறது? உங்கட பென்சிலாலயோ?"

காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தப் பல்லு எவ்வளவு தாங்கும் எண்டுறீங்க?"

"வாறதில ஆறில ஐஞ்சு பங்கு. பாதியெண்டால் ஒரு பயமும் இல்லை."

"பாதியாக்கினா இழுப்பீங்களா?"

"கம்பியில பாதி வரவேணுமெண்டால் தொட்டிலில ஒரு கப்பி போட்டு மடிச்சு இழுக்கவேணும். ஒரு நுனி மேல தூணில, மற்ற நுனி உருளையில. ஆனால் கம்பி ரண்டு மடங்கு நீளமாய்ப் போகும். உருளையில அவ்வளவு சுத்த இடமில்லை."

பிற்றர் சரிவைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவார், பாட்டில் உச்சத்துக்குப் போகுமுன் செய்வதுபோல. "ஒரே இழுவையில ஏன் போகவேணும்? அரைவாசி ஏத்துவம். தொட்டில் சில்லுக்குக் கட்டை அடிச்சு, மேல தூணுக்கு ஒரு சங்கிலியும் போட்டு நிப்பாட்டுவம். உருளையில சுத்தினதை இறக்கி, கம்பியை நீளங்குறைச்சு, திரும்பப் பூட்டுவம். பிறகு மிச்சம்."

"ரண்டு மடங்கு நேரம் எடுக்கும்" என்றேன்.

"வாத்தியார், உங்களுக்கு எங்கயும் போக இருக்கோ?"

காக்கா முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: "எப்ப?"

"வெள்ளி."

"வெள்ளி எனக்கு ஜும்ஆ இருக்கு."

"கடல் எங்களை வெள்ளிவரைக்கும் நிக்க விட்டால் சரி" என்றார் சேர்.

வியாழக்கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் கப்பி தேடினோம். சிலந்தி வலையும் பழைய பாய்த்துணியும் கிடந்த மூலையில் ஒரு இரும்புக் கப்பி அகப்பட்டது, ஒரு ஆள் தூக்கமாட்டார். அதன் அச்சையும் கொக்கியையும் நான் கணக்குப் பார்த்தேன். மேலே உள்ள தூணைப் பார்த்தேன். பார்த்ததை இரண்டாம் தடவை பார்த்தேன். முந்திய நாள்வரை எனக்கு நானே கொடுத்திருந்த சலுகை எல்லாம் போய்விட்டது. பின்னேரம் புதுத் தாளை எழுதினேன். கப்பியின் உராய்வையும் சேர்த்துப் பல்லுக்கு வருவது தொள்ளாயிரம் கிலோவுக்குக் கிட்ட. சின்னச் சில்லு, உருக்கு, தாங்கும். பெரிய சில்லு, வார்ப்பிரும்பு, தாங்கும். பசை தடவும்போது பிற்றர் பக்கத்தில் வந்து நின்றார். வழமையாகக் கடைசி வரியைத்தான் பார்ப்பார். அன்று முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தார்.

"ரண்டு சில்லும் இருக்கு" என்றார்.

வெள்ளி விடிய ஏழு மணிக்கு மோட்டரைப் போட்டோம். தொட்டில் தண்ணீருக்கு அடியில் காத்திருந்தது. லோஞ்சை அதன்மேல் மிதக்கவிட்டுக் கட்டினார்கள். கம்பி நீரிலிருந்து எழும்பி, துளி சிந்தி, இறுகி, ஒரு நேர்க்கோடானது. பெரிய சில்லு அசைந்தது. ஒரு பல்லில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன், சுற்று எண்ண. அந்தப் பொட்டு மேலே வரும், சின்னச் சில்லுக்குள் மூழ்கும், வெளியே வரும். எழுபத்திரண்டு கொப்புகள், ஒவ்வொன்றாக, ஒரு லோஞ்சின் பாரத்தை நுனியில் வாங்கி அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுப் போயின. சத்தம் சீராக இருந்தது.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லோஞ்ச் சரிவின் பாதியில் நின்றது. சில்லுகளுக்குக் கட்டை அடித்து, சங்கிலி போட்டு, பிறேக்கை மெல்லத் தளர்த்தினோம். அசையவில்லை. கம்பியைக் கழற்றினோம். லோஞ்சின் அடியிலிருந்து பலகை இடுக்குகள் வழியே உள்ளே நின்ற தண்ணீர் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது, நூல் நூலாக, அறுபது எழுபது இடத்தில். இறைக்கிற ஆள் தகரத்தை வைத்துவிட்டுக் கீழே இறங்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காக்கா கை கால் கழுவினார். தொப்பியை எடுத்தார், போகாமல் நின்றார்.

"போயிட்டு வாங்கோ காக்கா" என்றார் பிற்றர். "நாங்கள் வேதக்காரர், சைவக்காரர். எங்களுக்கு இண்டைக்கு ஒரு இடமும் இல்லை. உங்கட லோஞ்சுக்குக் கீழதான் இருப்பம்."

"கீழ இருக்க வேணாம்" என்றார் காக்கா. "பக்கத்தில இருங்க."

அவர் பள்ளிவாசலிலிருந்து வரும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். பாணும் சம்பலும் பிற்றர் வீட்டிலிருந்து வந்தது. தச்சுக்காரர் இரண்டு பேரும் சங்கிலியை விட்டுக் கண் எடுக்கவில்லை. சரிவின் பாதியில், கடலும் இல்லை கரையும் இல்லை என்று நின்ற அந்த லோஞ்சின் நிழலுக்குப் பக்கத்தில் சாப்பிட்ட அந்த மத்தியானம்தான் இன்றைக்கும் என்னை இழுக்கிறது. நான் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாத ஆள். ஆனாலும் மழை வருமுன் எங்கேயாவது ஈரமரத்தின் வாசம் வந்தால், நான் அந்தச் சரிவில் இருக்கிறேன். காற்று திசை மாறிக்கொண்டிருக்கிறது. பிற்றர் கோயில் பாட்டொன்றை வாய்க்குள் முணுமுணுக்கிறார். எனக்கு ஒரு வேலையும் இல்லை, காத்திருப்பதைத் தவிர.

இரண்டாவது இழுவை மூன்று மணிக்கு. தூறல் தொடங்கியிருந்தது. நான் கம்பியையும் சில்லையும் மாறி மாறிப் பார்த்தேன். பிற்றர் கைபிடியில் கை வைத்துப் பூசை மணி கேட்டவர்போல நிமிர்ந்து நின்றார். கடைசி ஐந்து அடியில் சரிவு கொஞ்சம் கூடும். அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன், அன்று எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன். மோட்டரின் குரல் கனத்தது. சிவப்புப் பொட்டு மூழ்கியது, வெளியே வந்தது. தொட்டில் மேல் விளிம்பில் முட்டி நின்றது. கட்டைகளை அடித்தார்கள். பிற்றர் மோட்டரை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் மழையின் சத்தம் கேட்டது.

காக்கா லோஞ்சுக்கு அடியில் குனிந்து போனார். அடிமரத்தின் ஒரு பலகையைப் பெருவிரலால் அமத்தினார். விரல் முதல் கணுவரை உள்ளே போனது. இன்னொரு பலகை, அதிலும் போனது. அவர் விரலை வெளியே எடுத்து, அதில் ஒட்டியிருந்த ஈரத் தூளைப் பார்த்தார்.

"இத வெச்சு ஒரு வாடை ஓடியிருப்பன்" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

பிறகு தச்சுக்காரர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். அவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்வரைகூடப் பொறுக்கவில்லை. நாங்கள் கப்பியைக் கழற்றி முடிக்குமுன், முதல் அழுகிய பலகை கிழிந்து தரையில் விழுந்தது.

பதினாறு நாளில் பரிசோதகர் வந்து அடியைப் பார்த்துச் சரி சொன்னார். வாடை நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நானும் அந்த லோஞ்சில் மூதூர் போனேன். குடாவின் நடுவில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் அறைப் பலகையைத் தூக்கிக் காக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முன்பு தண்ணீர் நின்ற அடித்தளத்தில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. காய்ந்திருந்தது.